தமிழ்ல அச்சடிச்சுட்டா அது சம்மதம் ஆயிடாது: ஆபரேஷன் ஃபாரம் பற்றி ஒரு நீண்ட த்ரெட்

1/ ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்துக்கு நீட்டுற அந்த ஒத்தைத் தாளைப் பத்தி இந்த த்ரெட். நான் காஞ்சிபுரத்துல அரசு மருத்துவமனை டாக்டர், எம்பிபிஎஸ். ஆபரேஷன் பண்றது சர்ஜன். ஆனா ஃபாரத்தைக் கையில வச்சுக்கிட்டு "இவருக்குச் சொந்தக்காரங்க யாரு வந்திருக்கீங்க?"னு வார்டுல கூப்பிடுறது பெரும்பாலும் எங்களை மாதிரி டியூட்டி டாக்டர்களும் நர்ஸ் அக்காக்களும்தான். கொஞ்சம் நீளம். உங்க வீட்டுல யாருக்காவது ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தா முழுசா படிங்க.

2/ "ஃபாரம் இங்கிலீஷ்ல இருக்கு, அதான் யாருக்கும் புரியல, தமிழ்ல போட்டா சரியாயிடும்"னு நிறைய பேர் சொல்றாங்க. தமிழ் ஃபாரம் ஏற்கெனவே நிறைய இடத்துல இருக்கு. அதுல என்ன இருக்கும்னா: "எனக்குச் செய்யப்படவிருக்கும் அறுவை சிகிச்சையின் தன்மை, அதனால் ஏற்படக்கூடிய சிக்கல்கள் மற்றும் மாற்று சிகிச்சை முறைகள் யாவும் எனக்குப் புரியும் மொழியில் விளக்கிக் கூறப்பட்டன."

3/ இந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. என்ன சிக்கல்னு இருக்கா? என்ன மாற்று சிகிச்சைனு இருக்கா? எதுவும் இல்லை. "விளக்கப்பட்டது"ங்கிறது மட்டும்தான் இருக்கு. அதாவது விளக்கத்தை மொழிபெயர்க்கல. விளக்கம் கொடுத்தாச்சுங்கிற ரசீதைத்தான் தமிழ்ல மொழிபெயர்த்திருக்காங்க. பொருளைக் குடுக்காம ரசீதுல மட்டும் கையெழுத்து வாங்கினா நம்ம ஊர்ல எந்தக் கடைக்காரராவது விடுவாரா?

4/ இது பெரிய விஷயமானு கேக்கறவங்களுக்கு ஒரு வழக்கைச் சொல்றேன். சமீரா கோலி எதிர் டாக்டர் பிரபா மஞ்சந்தா. உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16-ல தீர்ப்பு சொன்னது. இந்தியாவுல நோயாளியோட சம்மதம்னா என்னனு பேசுற யாரும் இந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது.

5/ நடந்தது 1995 மே மாசம், டெல்லியில. 44 வயசுப் பெண், திருமணம் ஆகாதவங்க. மாதவிடாய் ரத்தப்போக்கு நிக்கலைன்னு டாக்டரைப் பார்க்கப் போனாங்க. உள்ளே என்னனு கண்டுபிடிக்க லேப்ரோஸ்கோப்பி பண்ணணும்னு முடிவாச்சு. அவங்க கையெழுத்துப் போட்ட ஃபாரத்துல லேப்ரோஸ்கோப்பி, தேவைப்பட்டா வயித்தைத் திறக்கலாம், அவ்வளவுதான் இருந்தது. கர்ப்பப்பையை எடுக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

6/ அவங்க முழு மயக்கத்துல இருக்கும்போது ஒரு உதவி டாக்டர் வெளியே வந்து, வராந்தாவுல இருந்த அம்மாகிட்ட கர்ப்பப்பையை எடுக்கக் கையெழுத்து வாங்கினாங்க. வயசான அம்மா. பொண்ணு உள்ளே டேபிள்ல கிடக்கா. அந்த நேரத்துல எந்தத் தாய் "கொஞ்சம் இருங்க, யோசிச்சுச் சொல்றேன்"னு சொல்வாங்க? கர்ப்பப்பை, ரெண்டு சினைப்பை, குழாய்கள் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. கண் முழிச்ச பிறகுதான் அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

7/ டாக்டர் தரப்பு வாதம்: நோய் கடுமையா இருந்தது, நல்லதுக்குத்தான் பண்ணோம், அம்மா கையெழுத்துப் போட்டாங்களே. நல்லெண்ணத்தோட பண்ணாங்கங்கிறதை உச்ச நீதிமன்றமே ஒத்துக்கிட்டது. ஆனாலும் சம்மதம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. நோயாளி வயசு வந்தவங்க, சுயபுத்தி உள்ளவங்க. மயக்கம் தெளியற வரைக்கும் காத்திருந்தா உயிருக்கு ஆபத்து ஒண்ணும் இல்லை. அப்படி இருக்கும்போது அம்மாவோட கையெழுத்து அவங்க கையெழுத்துக்குப் பதில் ஆகாது. 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னாங்க. தொகை சின்னது, சொன்ன விஷயம் பெரிசு.

8/ அந்தத் தீர்ப்புல நோயாளிக்கு எதையெல்லாம் சொல்லணும்னு பட்டியலே இருக்கு. என்ன சிகிச்சை, எப்படிப் பண்ணுவாங்க, எதுக்காக. வேற வழி இருந்தா அது என்ன. முக்கியமான ஆபத்துகள் என்ன. வேண்டாம்னு சொன்னா என்ன ஆகும். இந்த நாலையும் வச்சுக்கிட்டு உங்க கையில இருக்கிற ஃபாரத்தைப் பாருங்க. எத்தனைக்குப் பதில் இருக்கு?

9/ இப்ப ஒரு உதாரணம் எடுத்து முழுசா பண்ணிப் பார்ப்போம். பிள்ளையார்பாளையத்துல ஒரு நெசவாளர், 58 வயசுன்னு வச்சுக்குங்க. கற்பனை ஆள்தான். தொடை இடுக்குல வீக்கம். நின்னா வெளியே வருது, படுத்தா உள்ளே போயிடுது. ஹெர்னியா. வலை வச்சுத் தைக்கிற ஆபரேஷன். நாடு முழுக்க தினமும் நடக்கிற சாதாரண ஆபரேஷன் இது. இதையே ஒழுங்கா விளக்கலைன்னா மத்ததைப் பேசி என்ன பண்றது?

10/ முதல்ல நோயோட பேர். தமிழ் ஃபாரத்துல "குடலிறக்க அறுவை சிகிச்சை"னு போட்டிருப்பாங்க. வார்த்தை சரிதான். ஆனா வீட்டுல கேக்கறவங்களுக்கு "குடல்ல ஆபரேஷன், குடலை வெட்டி எடுக்கப் போறாங்க"னு கேக்கும். அதனால எழுத வேண்டியது இதுதான்: "உங்க அடிவயித்துச் சுவர்ல ஒரு இடம் பலவீனமாகி ஓட்டை விழுந்திருக்கு. அது வழியா குடலோ கொழுப்போ பிதுங்கி வருது. அதை உள்ளே தள்ளி, ஓட்டையை அடைக்கப் போறோம். குடலை வெட்டுறது இந்த ஆபரேஷனோட நோக்கம் இல்லை."

11/ அடுத்து வலை. "செயற்கை வலை பொருத்தப்படும்"னு எழுதினா வீட்டுக்காரங்க முகத்துல பயம் வரும். ஆனா இந்த ஊர்ல இதைப் புரிய வைக்கிற மாதிரி வேற எங்கேயும் முடியாது. அது பாலிப்ரோப்பிலீன் இழையில பின்னின துணி. கண்ணு கண்ணா இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிக்குள்ள நம்ம சதை வளர்ந்து பிடிச்சுக்கும். கிழிஞ்ச துணிக்கு அடியில இன்னொரு துணி வச்சுத் தைக்கிற மாதிரி. தறியில உட்கார்ந்தவருக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. ஆனா ஒண்ணு சேர்த்துச் சொல்லணும்: அது உடம்புலேயே நிரந்தரமா இருக்கும்.

12/ மயக்க மருந்து. நம்ம பேச்சுல எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை. முழு மயக்கமும் மயக்கம்தான், முதுகுல போடுற ஊசியும் மயக்கம்தான், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கிறதும் மயக்கம்தான். மூணும் வேற வேற. "முதுகுல ஊசி போடுவாங்க, இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் மரத்திருக்கும், நீங்க முழிச்சுதான் இருப்பீங்க, அதுக்கப்புறம் சிலருக்கு ஒண்ணுக்குப் போக முடியாம டியூப் போட வேண்டி வரும்"னு எழுதினா ஆபரேஷன் அன்னைக்கு ராத்திரி டியூப் போடும்போது குடும்பம் பதறாது.

13/ இப்ப ஆபத்துகள். "தொற்று ஏற்படலாம்"னு எழுதாதீங்க. கொரோனாவுக்குப் பிறகு தொற்றுன்னா பக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஒட்டிக்கும்னு அர்த்தம் ஆயிடுச்சு. "தையல் போட்ட இடத்துல சீழ் பிடிக்கலாம், காய்ச்சலோ சிவப்போ கசிவோ இருந்தா உடனே வரணும்"னு எழுதுங்க. "மறுநிகழ்வு" வேண்டாம். "திரும்பவும் அதே இடத்துல ஹெர்னியா வரலாம்"னு எழுதுங்க.

14/ "அரிதாக", "சில சமயங்களில்"ங்கிற வார்த்தைகள் ஆளுக்கு ஒரு அர்த்தம் கொடுக்கும். நூறு பேர்னு சொல்லுங்க. வலை வச்சுத் தைச்சாலும் நூறுல சிலருக்குத் திரும்ப வரும். நூறுல சுமார் பத்துப் பேருக்கு மூணு மாசம் தாண்டியும் தொந்தரவு தர்ற வலி இருக்கும். அதுல கொஞ்சம் பேருக்கு அன்றாட வேலையே பாதிக்கும். இந்த ரெண்டாவது விஷயத்தை நிறைய பேர் சொல்றதே இல்லை. ஆனா நாள் முழுக்கக் குழித்தறியில உட்கார்ந்து கால் மிதிக்கிறவருக்கு முக்கியமான ஆபத்தே அதுதான்.

15/ வெக்கத்துல விட்டுப்போற ஒண்ணும் இருக்கு. விரைக்குப் போற ரத்தக்குழாய் ஆபரேஷன் பண்ற இடத்து வழியாத்தான் போகுது. நூறுல ஒருத்தருக்கும் குறைவாத்தான், ஆனா அந்த விரை சுருங்கிப் போக வாய்ப்பு இருக்கு. மகளும் மருமகளும் நிக்கிற இடத்துல இதை எப்படிச் சொல்றதுன்னு விட்டுடுறாங்க. தனியா கூப்பிட்டுச் சொல்லலாம், தாள்ல எழுதலாம். விட்டுடக் கூடாது.

16/ மாற்று வழி. ஃபாரத்துல எப்பவும் காலியா கிடக்கிற இடம் இதுதான். இங்கே குறைஞ்சது மூணு வழி இருக்கு. திறந்து பண்றது, லேப்ரோஸ்கோப்பியில பண்றது, இப்போதைக்குப் பண்ணாம காத்திருக்கிறது. மூணாவதை யாரும் மொழிபெயர்க்க மாட்டாங்க. "ஆபரேஷன் பண்ணலைன்னா குடல் மாட்டிக்கும், உயிருக்கு ஆபத்து"ன்னு முடிச்சுடுவாங்க.

17/ குடல் மாட்டிக்கிறது உண்மைதான். வீக்கம் உள்ளே போகாம, கெட்டியாகி, கடுமையா வலிச்சு, வாந்தி வந்தா அது அவசரம், உடனே வரணும். ஆனா அது எவ்வளவு பேருக்கு நடக்கும்? 2006-ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, தொந்தரவு கொஞ்சமாவோ இல்லாமலோ இருந்த 720 ஆண்களை ரெண்டு குழுவா பிரிச்சாங்க. காத்திருந்த 364 பேர்ல, பின்தொடர்ந்த காலத்துல 2 பேருக்குத்தான் இப்படி திடீர்னு மாட்டிக்கிச்சு.

18/ அதே ஆய்வுல இன்னொரு பக்கமும் இருக்கு. காத்திருந்தவங்கள்ல ரெண்டு வருஷத்துக்குள்ள கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் வலி அதிகமாகி ஆபரேஷனுக்கு வந்துட்டாங்க. பத்து வருஷத்துல மூணுல ரெண்டு பேர். அப்ப உண்மையான வாக்கியம் இதுதான்: "இப்ப உடனே பண்ணியே ஆகணும்னு இல்லை, ஆனா என்னைக்காவது பண்ண வேண்டி வர வாய்ப்பு அதிகம்." இது தொந்தரவு குறைவா இருக்கிற ஆண்களுக்குப் பொருந்தும். பெண்களுக்கோ, வலியோட வர்றவங்களுக்கோ, வீக்கம் உள்ளே போகாதவங்களுக்கோ பொருந்தாது.

19/ இந்த ஒரு வாக்கியம் ஒரு நெசவாளர் வீட்டுல என்ன மாத்தும்னு பாருங்க. கோர்வைச் சேலைக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் படுத்தா இன்னொருத்தர் கூலியும் நிக்கும். பாவு தறியில ஏத்தியாச்சு, முகூர்த்த சீசன் வருது. "இந்தச் சேலைகளை அறுத்துக் கொடுத்துட்டு அடுத்த மாசம் பண்ணிக்கலாமா?"ன்னு கேக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. பல பேருக்கு அதுக்குப் பதில் "பண்ணிக்கலாம்"தான். ஆனா காத்திருக்கலாம்ங்கிற வழி இருக்குன்னே தெரியாதவர் எப்படிக் கேப்பார்?

20/ அடுத்து, யார் கையெழுத்து? பல ஃபாரத்துல நோயாளி கையெழுத்துக்குச் சின்ன இடமும் உறவினர் கையெழுத்துக்குப் பெரிய இடமும் இருக்கு. அம்மாவுக்குப் பையன் போடுறான், மனைவிக்குக் கணவர் போடுறார். நோயாளி பக்கத்துலேயே உட்கார்ந்திருக்காங்க, யாரும் அவங்ககிட்ட கேக்கறதில்லை. வயசு வந்த, சுயநினைவோட இருக்கிறவங்க விஷயத்துல அவங்க சம்மதம்தான் சம்மதம். கருக்கலைப்புச் சட்டத்திலேயே வயசு வந்த பெண்ணோட சம்மதம் மட்டும் போதும்னுதான் இருக்கு. கணவர் கையெழுத்து கேக்கறது பழக்கம், சட்டம் இல்லை.

21/ அப்ப குடும்பம் எதுக்கு? ரொம்பத் தேவை. நம்ம ஊர்ல முடிவு எடுக்கிறது, பணம் புரட்டுறது, ராத்திரி பக்கத்துல படுத்துக்கிறது, வீட்டுக்குப் போனதும் தையலைப் பார்த்துக்கிறது எல்லாம் குடும்பம்தான். அதனால விளக்கத்தை நோயாளியும் குடும்பமும் சேர்ந்து, ஒரே நேரத்துல கேக்கணும். நோயாளி சரின்னு சொன்னா போதும். குடும்பத்துக்குத் தனியா, நோயாளிக்குத் தெரியாம விளக்குறதுதான் தப்பு.

22/ இன்னொண்ணு. காஞ்சிபுரத்துல தமிழ் மட்டும்தான் வீட்டு மொழின்னு நினைக்காதீங்க. தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசுற நெசவாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா இருக்காங்க. கடைத்தெருவுல தமிழ் பேசுற பாட்டி, வலியையும் பயத்தையும் வீட்டு மொழியிலதான் யோசிப்பாங்க. அதுக்குப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது. 14 வயசுப் பையன் "உயிர் போகவும் வாய்ப்பு இருக்கு"ன்னு பாட்டிகிட்ட சொல்வானா? முழுங்கிடுவான். அந்த மொழி தெரிஞ்ச நர்ஸ் வார்டுல யாராவது இருக்காங்களான்னு பாருங்க. அவங்களைக் கூப்பிடுங்க.

23/ சரி, புரிஞ்சுதான்னு எப்படித் தெரியும்? "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் "புரிஞ்சுது சார்"னுதான் சொல்வாங்க. அதைக் கேக்காதீங்க. "ஐயா, நாளைக்கு என்ன பண்ணப் போறோம்னு ஊர்ல இருக்கிற உங்க தம்பிக்கு போன் போட்டா எப்படிச் சொல்வீங்க?"ன்னு கேளுங்க. "வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனா உடனே வருவீங்க?"ன்னு கேளுங்க. அவர் "குடலை எடுக்கிறாங்களாம்"னு சொன்னா விளக்கம் போய்ச் சேரல. தப்பு அவர்மேல இல்லை, நம்ம வாக்கியத்து மேல. "நீங்க பார்த்து எது செஞ்சாலும் சரி சார்"னு சொன்னா அது நம்பிக்கை. அதுக்கு நன்றி சொல்லிட்டு, மறுபடி முதல்ல இருந்து சொல்லணும்.

24/ ஃபாரம் எழுதுறவங்களுக்கும் இதே பரிசோதனைதான். எழுதின தமிழை, மூலத்தைப் பார்க்காத இன்னொருத்தர்கிட்ட கொடுத்து இங்கிலீஷ்ல திருப்பி எழுதச் சொல்லுங்க. ரெண்டும் ஒத்துப்போகாத இடத்துல தமிழ் தப்பு. அப்புறம் ஓபி வரிசையில நிக்கிற நாலஞ்சு குடும்பங்கள்கிட்ட படிச்சுக் காட்டுங்க. எங்கே முழிக்கிறாங்களோ அந்த வரியை மாத்துங்க. சென்னையில ஏசி ரூம்ல உட்கார்ந்து அகராதியைப் புரட்டி எழுதுற தமிழ் வார்டுல நிக்காது.

25/ இப்ப என் சக டாக்டர்கள் சொல்லப்போற பதில் தெரியும். "நேரம் எங்கே இருக்கு? ஒரு நாளைக்கு எத்தனை கேஸ்?" கஷ்டம் உண்மை. ஆனா ஹெர்னியா மாதிரி கேஸ்ல ஓபியில தேதி கொடுக்கிற நாளுக்கும் ஆபரேஷன் நாளுக்கும் நடுவுல நாள்கணக்குல, வாரக்கணக்குல இடைவெளி இருக்கு. அன்னைக்கே அந்தத் தாளைக் கையில கொடுத்து வீட்டுக்கு அனுப்பினா, பையன் படிச்சுக் காட்டுவான், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சந்தேகம் கிளப்புவார், கேள்வியோட வருவாங்க. நமக்குத் தேவை பத்து நிமிஷம்தான். இப்ப தியேட்டர் வாசல்ல, டிராலியில படுக்க வச்சுட்டு கையெழுத்து வாங்குறோமே, அதுக்கு நேரமின்மை காரணம் இல்லை. பழக்கம்தான் காரணம்.

26/ இதையும் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2012 ஜனவரியில பீகார் அராரியா மாவட்டத்துல ஒரு பள்ளிக்கூடத்துல ஒரே ராத்திரியில 53 பெண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணாங்க. அதுல இருந்து வந்த தேவிகா பிஸ்வாஸ் வழக்குல 2016 செப்டம்பர்ல தீர்ப்பு. அவங்களுக்குப் புரியிற மொழியில விளைவுகளை விளக்கணும், அதுக்கப்புறம் மனசு மாறணும்னா மாறிக்க ஒரு மணி நேரம் போலவாவது அவகாசம் கொடுக்கணும்னு சொன்னாங்க. கருத்தடைக்குச் சொன்னது ஹெர்னியாவுக்கு மட்டும் ஏன் ஆகாது?

27/ ரெண்டாவது பதில்: "ஆபத்தை எல்லாம் சொன்னா பயந்து ஓடிடுவாங்க." எல்லாத்தையும் சொல்லச் சொல்லி யாரும் கேக்கல. லட்சத்துல ஒண்ணு நடக்கிறதை எல்லாம் அடுக்க வேண்டியதில்லைன்னு சமீரா கோலி தீர்ப்பே சொல்லுது. நம்ம நாட்டு நிலைமையைப் பார்த்து அமெரிக்க அளவுகோலைக்கூட அது ஏத்துக்கல. முக்கியமானதைச் சொல்லுங்கன்னுதான் கேக்குது. அப்புறம், பயந்து ஓடுறவங்கள்ல பாதிப் பேர் ஆபத்தைக் கேட்டு ஓடல. எதுவும் சொல்லாம "எது நடந்தாலும் டாக்டரோ மருத்துவமனையோ பொறுப்பல்ல"ங்கிற வரியைப் படிச்சுட்டுத்தான் ஓடுறாங்க.

28/ அந்த வரியைப் பத்தி டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. அது நம்மைக் காப்பாத்தாது. கவனக்குறைவு நடந்திருந்தா எந்தக் கையெழுத்தும் அதை மன்னிக்காது. கவனமா பண்ணியும் சொன்ன ஆபத்து வந்திருந்தா, அப்ப நம்மைக் காப்பாத்துறது எதைச் சொன்னோம், எப்ப சொன்னோம், யார் கேட்டாங்கங்கிற குறிப்புதான். வார்டுல நடக்கிற பாதி சண்டை "இது வரும்னு ஏன் சொல்லல?"ங்கிற ஒரே கேள்வியிலதான் ஆரம்பிக்குது.

29/ மக்களே, உங்க பக்கம். கையெழுத்துக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. என்ன பண்ணப் போறீங்க? வேற வழி இருக்கா, காத்திருக்கலாமா? என்னென்ன ஆகலாம், நூறுல எத்தனை பேருக்கு? பண்ணலைன்னா என்ன ஆகும்? கேட்டா டாக்டரை அவமதிக்கிறதா அர்த்தம் இல்லை. காலி இடம் விட்ட ஃபாரத்துல கையெழுத்துப் போடாதீங்க. ஆபரேஷன் பேர், எந்தப் பக்கம், வலதா இடதா, எழுதியிருக்கான்னு பாருங்க.

30/ கையெழுத்துப் போட்ட பிறகும், மயக்க மருந்து கொடுக்கிறதுக்கு முன்னாடி வரைக்கும் வேண்டாம்னு சொல்லலாம். அதுக்காக உங்களுக்கு மத்த சிகிச்சையை நிறுத்த முடியாது. இன்னொரு டாக்டர்கிட்ட கருத்து கேக்கலாம். ஆவணங்களைக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு மருத்துவ கவுன்சிலோட 2002 விதிமுறையிலேயே இருக்கு. நினைவு இல்லாம வர்ற விபத்து மாதிரி உயிர் போற அவசரம் வேற. அங்கே கையெழுத்துக்காக டாக்டர் காத்திருக்க வேண்டியதில்லை, நீங்களும் எதிர்பார்க்காதீங்க.

31/ அரசுக்குக் கேக்கறது ஒண்ணுதான். எல்லா ஆபரேஷனுக்கும் ஒரே பொது ஃபாரம் வேண்டாம். அதிகமா நடக்கிற ஆபரேஷன்களுக்குத் தனித்தனியா ஒரு தாள். சிசேரியன், ஹெர்னியா, கர்ப்பப்பை, பித்தப்பை, கண்புரை. மேலே சொன்ன நாலு விஷயமும் நூறு பேர்க் கணக்கோட, பேச்சுத் தமிழ்ல, பெரிய எழுத்துல. கடைசியில "நோயாளி தன் சொந்த வார்த்தையில் சொன்னது"ன்னு மூணு வரி காலி இடம். அவர் சொன்னதை அப்படியே நர்ஸ் எழுதணும். அந்த மூணு வரி நிறைஞ்ச பிறகுதான் கையெழுத்து. உங்க வீட்டுல நடந்ததை, மருத்துவமனை பேர் போடாம கீழே எழுதுங்க, படிக்கிறேன்.